ஸ்டீராய்டு எழுதும் முன் ஒரு கேள்வி

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

மரக்காணத்தில் பணியாற்றப் போகிறீர்கள். ஆஸ்துமா, முடக்குவாதம், தொழுநோயில் வரும் எதிர்வினை, சிறுநீரகக் கோளாறு என்று ஸ்டீராய்டு எழுதும் தேவை அடிக்கடி வரும். அங்கே மண்ணில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த எவருக்கும், ஸ்டீராய்டு தொடங்கும்போதே ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவை நினைத்துக்கொள்ளுங்கள். மலத்தில் புழு இல்லை என்று அறிக்கை வந்தாலும் அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

காரணம் அந்தப் புழுவின் வாழ்க்கை முறை. மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து அதன் இளம்புழு தோலைத் துளைத்து நுழைந்து, நுரையீரல் வழியாகச் சிறுகுடலை அடைகிறது. கொக்கிப்புழுவும் இதே வழியில்தான் வருகிறது, ஆனால் சில ஆண்டுகளில் செத்துவிடுகிறது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் அப்படியல்ல. அதன் குஞ்சுகளில் சில வெளியே போகாமலே, குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து மறுபடி உடலுக்குள் புகுகின்றன. மண்ணை மறுபடி மிதிக்காமலே தொற்று பல பத்தாண்டுகள் நீடிக்கும். சயாம்-பர்மா ரயில் பாதையில் ஜப்பானியரிடம் சிக்கி உழைத்த பிரிட்டிஷ் போர்க் கைதிகளிடம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் லிவர்பூல் மருத்துவர்கள் இந்தப் புழுவைக் கண்டார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் அதே பாதையில்தான் உழைத்தார்கள். ஆகவே 'இப்போது எங்கே வேலை?' என்பது போதாத கேள்வி; எந்த வயதிலாவது வெறுங்காலோடு வயலிலோ தோப்பிலோ நடந்தாரா என்று கேட்க வேண்டும். உப்பளத் தொழிலாளி என்றதும் கவலையை விட்டுவிடுவதும் பிழை. உப்பு செறிந்த பாத்தியில் இளம்புழு பிழைப்பது கடினம்தான். ஆனால் ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கியபின் அவர் எந்த வயலில் கூலிக்கு இறங்குகிறார், எந்தப் புதரோரம் ஒதுங்குகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உடலின் எதிர்ப்புச் சக்தி இந்தப் புழுவை அழிப்பதில்லை, எண்ணிக்கையை மட்டும் அடக்கி வைக்கிறது. ஸ்டீராய்டு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம்: ஐம்பது வயதுக்காரர், தொழுநோய் எதிர்வினைக்காக நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். மூன்றாம் வாரம் வயிற்று வலி, வாந்தி. அல்சர் மாத்திரை தரப்படுகிறது. பிறகு இருமலும் இளைப்பும். ஆஸ்துமா என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டுகிறார்கள். இந்த இடத்தில்தான் பல உயிர்கள் போகின்றன. ஆயிரக்கணக்கில் பெருகிய இளம்புழுக்கள் குடலைத் துளைக்கும்போது குடல் பாக்டீரியாக்களும் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தக் கல்ச்சரில் ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோ வளரும், மூளைக்காய்ச்சலும் வரலாம். தொப்புளைச் சுற்றிக் கட்டைவிரல் ரேகை போன்ற செந்நீலப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், சளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். நெளியும் புழுக்கள் தெரியக்கூடும். அந்தக் கட்டத்தில் தினமும் ஐவர்மெக்டின் கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

'இயோசினோபில் சரியாகத்தானே இருந்தது?' என்று கேட்பீர்கள். ஸ்டீராய்டே அந்த அணுக்களைக் குறைத்துவிடும். தொற்று முற்றும்போது அவை இல்லாமல் இருப்பதே வழக்கம். ஒருமுறை மலம் பார்ப்பதில் பெரும்பாலானவை தப்பிவிடும், ஏனெனில் நாள்பட்ட தொற்றில் புழுக்கள் சொற்பமாகவும் விட்டுவிட்டும்தான் வெளிவருகின்றன. எதிரணு ரத்தப் பரிசோதனை இதைவிட மேல். ஆனால் சிறு மருத்துவமனையில் அது கிடைக்காது. எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே குன்றியவரிடம் பொய்யாக இல்லை என்றும் காட்டலாம். 'குடற்புழு நீக்க மாத்திரை போட்டாரே' என்பது இன்னொரு சமாதானம். அது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே வேளை. உருளைப்புழுவுக்குப் போதும், இதற்குப் போதாது.

'சோதித்து உறுதியாகாமல் மருந்து தருவது முறையா?' என்பதுதான் கனமான எதிர்ப்பு. பரிசோதனை கையெட்டும் தூரத்தில் இருந்து, ஸ்டீராய்டும் சில நாள் காத்திருக்க முடிந்தால் சோதித்தே கொடுங்கள். புதுச்சேரி ஜிப்மர் உங்களுக்குத் தொலைவில்லை. காத்திருக்க முடியாதபோது இரு பக்கச் செலவையும் எடைபோட்டுப் பாருங்கள். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வீதம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். விலை குறைந்த மாத்திரை. இரண்டு வாரத்தில் இன்னொரு வேளை தருவோரும் உண்டு. ஐவர்மெக்டினை ஆபத்தாக்கும் லோவா லோவா புழு மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது, இங்கே இல்லை. கர்ப்பிணிகளையும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளையும் தனியே யோசிக்க வேண்டும். எதிர்த்தட்டில் இருப்பது பெரும்பாலும் மரணம். கோவிட் காலத்தில் டெக்சாமெத்தசோன் பரவலாகத் தரப்பட்டபோது, புழு பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு ஐவர்மெக்டினும் சேர்த்துத் தரலாம் என்று 2020இல் நிபுணர்கள் சொன்னதும் இதே கணக்கில்தான். (கோவிட்டுக்கே அது மருந்து என்று எழுந்த கூச்சல் வேறு கதை.)

மூச்சுத் திணறி வருபவருக்கு இதற்காக ஸ்டீராய்டைத் தாமதிக்க வேண்டாம். ஊசியைப் போட்டுவிட்டு, அன்றைக்கே ஐவர்மெக்டினையும் அதே சீட்டில் எழுதுங்கள்; மூட்டு வலிக்கு ஊரில் யாராவது பெயரில்லாத மாத்திரையைப் பொட்டலமாகக் கொடுத்து வருகிறார்களா என்றும் கேளுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்திருந்தால், நீங்கள் முதல் வேளை தரும் முன்பே ஆபத்து தொடங்கியிருக்கும்.

அன்புடன்,
ஒரு மூத்த மருத்துவர்