குளியலறைத் தரைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும்?

தண்டையார்பேட்டையின் பழைய வீடுகளில் குளியலறையைப் புதுப்பிக்கும்போது டைல்ஸ் பாதியில் தீர்ந்துபோவதைப் பார்க்கிறோம். மறுபடி வாங்கினால் நிறம் சேராது. இதைத் தவிர்க்க ஒரு கணக்கைக் காட்டுகிறோம்.

தரை அகலம் 50 அங்குலம், நீளம் 80 அங்குலம். பழைய சுவர் நேராக இராது. மூன்று இடங்களில் அளந்துகொள்ளுங்கள். டைல், இடைவெளியோடு 12 அங்குலம். பரப்பைப் பார்த்தால் 28 டைல்ஸ் போதும் என்று தோன்றும்.

ஆனால் பூ வடிவம் நடுவில் அமைய வேண்டுமானால், இரு பக்கமும் சமமாக வெட்ட வேண்டும். அகலத்தில் 4 முழு டைல்ஸ் வைத்தால் ஓரத்தில் 1 அங்குலமே மிஞ்சும். அவ்வளவு மெல்லிய துண்டு வெட்டும்போதே உடையும். 3 முழு டைல்ஸ் வைத்தால் இருபுறமும் 7 அங்குலம் வரும். அதேபோல் நீளத்தில் 5 முழு டைல்ஸ், இரு முனையிலும் 10 அங்குலம்.

ஆக அகலத்தில் 5, நீளத்தில் 7, மொத்தம் 35. வெட்டியபின் மிஞ்சும் 5, 2 அங்குலத் துண்டுகள் வேறு ஓரத்துக்கு உதவாது. உடைவதற்கு 3 சேர்த்து 38 வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள்.

பூ இல்லாத டைல்ஸ் என்றால் நடுவிலிருந்து தொடங்கத் தேவையில்லை. வாசலில் முழு டைலாகத் தொடங்கி, வெட்டுத் துண்டுகளை உள்சுவர் ஓரத்துக்குத் தள்ளினால் எண்ணிக்கை குறையும்.

எதுவானாலும், சிமெண்ட் குழைக்குமுன் இரு நடுக்கோடுகளிலும் டைல்ஸைச் சும்மா அடுக்கிப் பார்க்கும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். வீண்விரயம் அங்கேயே தெரிந்துவிடும்.