அண்ணா என்று கூப்பிட்டவருக்கே லீடு ஆனால்

சென்னை ஓ.எம்.ஆர். மென்பொருள் நிறுவனங்களில் சகஜமாக நடப்பதுதான். ஏழு பேர் கொண்ட டெஸ்டிங் டீமில் ஒரு பெண் லீடு ஆகிறாள். அவள் சேர்ந்த புதிதில் வேலை கற்றுக்கொடுத்தவரும் அதே டீமில் இருக்கிறார். அந்த இடம் தனக்குத்தான் என்று நம்பியிருந்தவர். நேற்றுவரை அவள் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டாள். இந்த நிலையில் இருப்பவருக்குக் கேன்டீனில் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. அவற்றில் பாதி வில்லங்கம்.

நம்பிக்கை: கொஞ்ச நாள் ஆறப்போட்டால் தானாகச் சரியாகிவிடும்.

ஆறாது. நீங்கள் பேசாமல் இருக்கும் நாட்களில் அவர் மனசுக்குள் ஒரு கதை எழுதிக்கொண்டிருப்பார், அதில் வில்லி நீங்கள்தான். முதல் வாரத்திலேயே, மற்றவர் கண்ணில் படாத இடத்தில், அரை மணி நேரம் உட்காருங்கள். “அண்ணா, இந்த இடத்துக்கு நீங்களும் தகுதியானவர்தான்னு எனக்குத் தெரியும். வருத்தம் இருந்தா அதில தப்பே இல்லை. வேலையில எது மாறும், எது மாறாதுன்னு பேசிக்கலாமா?” இவ்வளவு போதும். பிறகு அவர் பேசட்டும்.

பதவி கிடைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். ‘என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று நீங்களே விளக்கவும் வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் முடிவெடுத்த மேனேஜர். பல இடங்களில் அவர் ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிட்டு நழுவிவிடுகிறார், கோபம் லீடின் தலையில் விடிகிறது. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தபோது, ஊழியர்கள் பொருள் திருடுவது கூடியது. ஆனால் காரணத்தை விரிவாக, வருத்தத்தோடு எடுத்துச் சொன்ன ஆலையில் திருட்டு மிகவும் குறைவாகவே கூடியது. வெட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு. ஆகவே உங்கள் முதல் வேலை, மேனேஜரிடம் போய் “அவரிடம் நீங்களே நேரில் பேசிவிடுங்கள்” என்று கேட்பது.

நம்பிக்கை: ‘அண்ணா’வை விட்டால்தான் அதிகாரம் நிற்கும்.

திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதிகாரம் வராது, காயம்தான் வரும். கூப்பிடுவதைத் தொடருங்கள், ஆனால் அந்தச் சொல்லைச் சலுகை கேட்கப் பயன்படுத்தாதீர்கள். “அண்ணா, எனக்காக இதை முடிச்சுக் கொடுங்களேன்” என்றால் அது உதவி, மறுக்கலாம். “அண்ணா, ரெக்ரஷன் டெஸ்ட் ரிப்போர்ட் வியாழன் மாலைக்குள்ள வேணும்” என்றால் அது வேலை.

நம்பிக்கை: அவர் எதிர்த்துப் பேசுவதெல்லாம் பொறாமை.

புது லீடுகள் சறுக்கும் இடம் இதுதான். முடிவு எடுக்கும் முன்பு, எல்லார் முன்னாலும், காரணத்தோடு மறுத்தால் அது அனுபவம். “இந்த மாட்யூலை இரண்டு நாளில் முடிக்க முடியாது” என்று அவர் சொன்னால் பெரும்பாலும் முடியாது. முடிவுக்குத் தலையாட்டிவிட்டுச் செய்யாமல் விடுவது, தெரிந்த விவரத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது, உங்களைத் தாண்டி மேனேஜரிடம் போவது ஆகியவை வேறு ரகம்.

ஒரு காலைக் கூட்டத்தில், டெவலப்பர்களும் இருக்கும்போது, பில்டு பற்றிய கேள்விக்கு அவர் “எல்லாம் தெரிஞ்ச லீடு இருக்காங்களே, அவங்களையே கேளுங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பதிலடி வேண்டாம். “நான் பார்த்துச் சொல்றேன்” என்று கூட்டத்தை நகர்த்துங்கள். அன்று மாலையே தனியாகச் சொல்லுங்கள்: “காலையில அந்தப் பதிலை நீங்க சொல்லலை. டெவலப்பர்கள் மதியம் வரைக்கும் காத்திருந்தாங்க. இனிமே உங்களுக்குத் தெரிஞ்சதைக் கூட்டத்திலேயே சொல்லணும்.” நடந்தது, அதன் விளைவு, இனி வேண்டியது. அவ்வளவுதான். ‘உங்களுக்கு என் மேல் கடுப்பு’ என்ற வாக்கியம் வாயில் வந்துவிட்டால் பேச்சு மனசைப் பற்றியதாகிவிடும், அதை அவர் மறுத்துவிட்டு எழுந்து போகலாம். தாமதத்தை மறுக்க முடியாது.

தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு மூன்று முறை சொல்லியும் தொடர்ந்தால்தான் மேனேஜரிடம் போக வேண்டும். அதற்கு முன்பே அவரிடம் ஒன்று பேசி வைத்திருக்க வேண்டும்: உங்களைத் தாண்டி யார் வந்தாலும் “லீடுகிட்ட பேசினீங்களா?” என்றே அவர் முதலில் கேட்க வேண்டும். அவர் ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால் உங்கள் நாற்காலி வெறும் நாற்காலிதான்.

நம்பிக்கை: “அடுத்த முறை உங்களுக்குத்தான்” என்றால் சமாதானமாகிவிடுவார்.

அது உங்கள் கையில் இல்லை. நல்ல வேலைகளை எல்லாம் அவருக்கே ஒதுக்கித் தாஜா செய்வதும் வேண்டாம், மற்ற ஐந்து பேரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களால் தரக்கூடியது அவருக்கே உரிய ஒரு பொறுப்பு. ஆட்டோமேஷன் பகுதியை முழுதாக அவரிடம் விட்டு, அதில் இறுதி முடிவும் அவருடையது என்று டீமுக்குச் சொல்லலாம்.

இதற்குப் பிறகும் அவர் வேறு டீமுக்கு மாற்றல் கேட்கக்கூடும். தடுக்காதீர்கள். ஹேண்ட்ஓவருக்கு மட்டும் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.