பொது டேப்லெட்டும் பெற்றோர் கட்டுப்பாடும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அப்பாவின் அலுவலக மின்னஞ்சல், அம்மாவின் சமையல் வீடியோ, பிள்ளைகளின் பாடமும் விளையாட்டும் என எல்லாவற்றுக்கும் ஒரே டேப்லெட் இருக்கும் வீடுகளில் பெற்றோர் கட்டுப்பாடு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தோற்கிறது. ஆண்ட்ராய்டில் இந்தக் கட்டுப்பாடு குழந்தையின் கணக்கைச் சார்ந்தது. வேறொருவரின் கணக்கு திறந்திருந்தால் அது வேலை செய்யாது.

நம்பிக்கை 1: ஃபேமிலி லிங்க் போட்டுவிட்டால் டேப்லெட் முழுவதும் பாதுகாப்பாகிவிடும்.

உண்மை: கூகுளின் ஃபேமிலி லிங்க் விதிக்கும் நேர வரம்பும் செயலித் தடையும் குழந்தையின் கணக்குக்கு மட்டுமே உரியவை. அம்மாவின் கணக்கு திறந்திருக்கும்போது டேப்லெட் பிள்ளையின் கைக்குப் போனால், எந்த வரம்பும் அங்கே இல்லை. இதற்கான வழி, ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 2012 முதல் உள்ள பல பயனர் வசதி. அமைப்புகளின் தேடல் பெட்டியில் Users என்று தேடினால் அது கிடைக்கும். அங்கே குழந்தைக்குத் தனிப் பயனரைச் சேர்த்து, அதில் ஃபேமிலி லிங்க் கண்காணிப்பிலுள்ள கணக்கைத் திறக்க வேண்டும். சில நிறுவனங்கள் இந்த வசதியை நீக்கிவிடுவதால், வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இத்துடன் வேலை முடிவதில்லை. பெரியவர்களின் பயனருக்கு PIN பூட்டு இல்லையென்றால், திரையை மேலிருந்து இழுத்துப் பயனர் படத்தைத் தொட்டாலே பிள்ளை அங்கே போய்விடும். விருந்தினர் பயனரையும், பூட்டுத் திரையிலிருந்தே புதிய பயனரைச் சேர்க்கும் வசதியையும் அணைத்து வைக்க வேண்டும்.

நம்பிக்கை 2: இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே குழந்தைக் கணக்கு போதும்.

உண்மை: ஐந்தாம் வகுப்பு அக்காவும் இரண்டாம் வகுப்புத் தம்பியும் ஒரே கணக்கைப் பயன்படுத்துகிறார்கள், ஒரு நாளைக்கு 60 நிமிடம் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிவிட்டு வந்ததும் அக்கா 50 நிமிடம் பயன்படுத்தினால், தம்பிக்கு மிஞ்சுவது 10 நிமிடம்தான். அன்று மாலை தகராறு நிச்சயம். பெற்றோர் கூடுதல் நேரம் கொடுத்தால், அதையும் முதலில் டேப்லெட்டை எடுப்பவரே பயன்படுத்திவிடலாம். வார அறிக்கையில் யார் எதைப் பார்த்தார் என்பதும் பிரித்தறிய முடியாது. அக்காவுக்கு ஏற்ற செயலி வயது வரம்பு தம்பிக்கும் திறந்துவிடும். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பயனர் என்று அமைத்தால் மட்டுமே வரம்புக்குப் பொருள் இருக்கும்.

நம்பிக்கை 3: ஒரு மணி நேரம் என்று வைத்தால், நாளுக்கு ஒரு மணி நேரம்தான்.

உண்மை: ஃபேமிலி லிங்கின் தினசரி வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. அதே குழந்தைக் கணக்கு டேப்லெட்டிலும் பழைய கைபேசியிலும் இருந்தால், இரண்டிலும் தலா ஒரு மணி நேரம், ஆக மொத்தம் இரண்டு மணி நேரம் கிடைக்கும். செயலி வரம்பும் அந்தச் செயலிக்கு மட்டுமே. ஒரு விளையாட்டுச் செயலியின் நேரம் தீர்ந்தாலும், அதே விளையாட்டின் இணையதளம் உலாவியில் திறந்துகொண்டிருக்கலாம். அதனால் உலாவிக்கும் தனியே விதி வைக்க வேண்டும்.

நம்பிக்கை 4: ஐபேடில் வரம்பு தீர்ந்ததும் திரை தானாக அடைத்துக்கொள்ளும்.

உண்மை: வீட்டு ஐபேடில் ஆளுக்கொரு பயனர் அமைக்க முடியாது. அதனால் ஸ்கிரீன் டைம் விதிகள் அதைத் தொடும் எல்லோருக்கும் பொருந்தும். இதற்கென 4 இலக்கக் கடவு எண்ணை வைத்து, செயலி வரம்பில் Block at End of Limit என்பதையும் இயக்க வேண்டும். இல்லையென்றால் நேரம் முடிந்ததும் தோன்றும் Ignore Limit என்பதைத் தொட்டே பிள்ளை தொடரலாம். இந்த எண் ஐபேடைத் திறக்கும் எண்ணாக இருக்கக் கூடாது, ஏனென்றால் அது பிள்ளைக்குத் தெரிந்ததுதான். பெரியவர்கள் தங்கள் தேவைக்கு இந்த எண்ணை இட்டு நேரத்தை நீட்டிக்கொள்ளலாம்.

நம்பிக்கை 5: வடிகட்டி போட்டுவிட்டால் தகாதது எதுவும் வராது.

உண்மை: சேஃப்சர்ச் கூகுள் தேடல் முடிவுகளை மட்டுமே வடிகட்டும். முகவரியைத் தட்டச்சு செய்து நேரே திறக்கும் தளத்தை அது தடுக்காது. யூடியூபின் கட்டுப்பாட்டு முறையிலும் சில வீடியோக்கள் நழுவிவிடும். தொடக்கப் பள்ளி வயதில், அனுமதித்த தளங்கள் மட்டுமே திறக்கும்படி ஃபேமிலி லிங்கில் பட்டியல் அமைப்பது இதைவிட உறுதியான வழி.

எல்லாம் அமைத்த பின், பெற்றோர் ஒருவர் குழந்தையின் பயனரில் நுழைந்து, வரம்பை மிகக் குறைவாக வைத்து, நேரம் முடிந்ததும் வெளியேற வேறு வழி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் வழி பிள்ளைக்கும் கிடைக்கும்.