‘ஜவ்வு விலகிடுச்சு’ என்ற பேச்சை நிறுத்துங்கள்

ராஜபாளையம் நூற்பாலைகளிலிருந்தும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளிலிருந்தும் பிசியோதெரபிக்கு என்னிடம் வருகிறவர்கள், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்: “ஜவ்வு விலகிடுச்சு சார், இனிமே குனியவே கூடாதாம்.” யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர், கட்டுப் போடுகிறவர், மருந்துக்கடைக்காரர். வலி நிற்கவில்லை, ஆகவே உள்ளே ஏதோ இன்னும் கெட்டுக் கிடக்கிறது என்று முடிவு கட்டியாயிற்று. அதற்குச் சாட்சியாகக் கையில் ஓர் எம்.ஆர்.ஐ. படம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

முதுகுவலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை ஆராய்ந்து 2015-இல் ஒரு தொகுப்பு வெளியானது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. 50 வயதில் 60 சதவீதம். அவர்களில் ஒருவருக்கும் வலி கிடையாது. பலருக்கு அது தலைநரை மாதிரி வயதோடு வருவது. படத்தில் பிதுக்கம் இருக்கிறது என்பதற்காக வலியின் காரணம் அதுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கோன் வைண்டிங்கில் வேலை பார்க்கும் 42 வயது அக்கா ஒருவர். பெட்டியைத் தூக்கும்போது வலப்பக்க இடுப்பு பிடித்துக்கொண்டது. சாதாரணத் தசைப்பிடிப்பு, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் ஆறிவிடும். இரண்டு வருடம் கழித்து வந்தவருக்கு வலி இரண்டு பக்கமும் பரவி, தோள்வரை ஏறியிருந்தது. சேலைக் கொசுவம் உரசினாலே எரிகிறது, தூக்கம் இல்லை. படத்தில் நான்காவது ஐந்தாவது முள்ளெலும்புக்கு நடுவே சின்னப் பிதுக்கம். அது நரம்பை அழுத்தியிருந்தால் வலி ஒரு காலில் ஒரே கோடாக இறங்கும். இப்படி ஊர் சுற்றாது.

அடிபடாத முன்கையில் பேனா முனையால் ஒரு முறை குத்தினேன். வலி பத்துக்கு இரண்டு என்றார். அதே அழுத்தத்தில், நொடிக்கு ஒன்றாகப் பத்து முறை குத்தியதும் ஏழு என்றார். குத்தின அழுத்தம் ஏறவில்லை, வலி ஏறியது. கையில் எந்தக் காயமும் இல்லை. கூடினது நரம்பு மண்டலத்தின் கணக்கு.

இதற்குப் பெயர் சென்ட்ரல் சென்சிடைசேஷன். வலிச் செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், தண்டுவடத்தின் பின்பகுதியிலுள்ள நரம்புச் செல்களில் மக்னீசியத்தால் அடைபட்டிருக்கும் வாயில்கள் திறந்துகொள்கின்றன. கால்சியம் உள்ளே புகுகிறது. அதன்பின் சிறு தொடுதலுக்கும் அந்தச் செல் பெரிதாகத் துடிக்கிறது. மூளையிலிருந்து இறங்கி வலியை அடக்கும் பாதையும் தளர்ந்துபோகிறது. லண்டனில் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளிடம் இதைக் கண்டு 1983-இல் எழுதினார்: ஒரு பாதத்தைச் சுட்டதும், சுடாத மற்றப் பாதமும் லேசான தொடுதலுக்கே இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. ஆகவே தொல்லையின் ஒரு பங்கு பாதத்தில் இல்லை, தண்டுவடத்தில் இருக்கிறது.

ரிப்போர்ட் நார்மல் என்றால் நடிப்பு என்பது அடுத்த பேச்சு. தவறு, அந்த வலி முழு உண்மை. இதைக் காட்டும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இல்லை, அவ்வளவுதான். பெல்ட் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் சரியாகும் என்பதும் தவறு. மருந்துக்கடையில் பொட்டலமாகத் தரும் செட் மாத்திரை இந்த வலியைப் பெரிதாகத் தொடாது, சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

அந்த அக்காவுக்கு மருத்துவர் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தார். முதலில் தூக்கம் திரும்பியது. என் பங்குக்கு நடை: தினமும் ஆறு நிமிடம். வலி குறைந்த நாளிலும் ஆறுதான், கூடின நாளிலும் ஆறுதான். வலியைப் பார்த்து நடக்காமல் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல நாளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மூன்று நாள் படுப்பவர்கள்தான் தோற்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினோம். பிறகு குனியச் சொன்னேன். பயந்தார், குனிந்தார், ஒன்றும் ஆகவில்லை. நான்கு மாதத்தில் வலி மூன்றுக்கு இறங்கியது. சுத்தமாகப் போகவில்லை.

எல்லா நாள்பட்ட வலியும் இதுவென்று நினைத்துவிடாதீர்கள். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மில் நிர்வாகிகளிடம் நான் கேட்பது ஒன்று. “வலி சுத்தமாப் போன பிறகு வா” என்று திருப்பி அனுப்பாதீர்கள். இந்த வலி வீட்டில் படுத்துக் குறைவதில்லை. திரும்பி வருகிறவருக்கு ஆறு வாரம் அரை ஷிப்டும், பாரம் தூக்காத வேலையும், அதற்குரிய கூலியும் கொடுங்கள்.