கழித்துக்கொள்ளலாம், ஆனால் தாள் முக்கியம்

கேள்வி: வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கிறேன். கொட்டாஞ்சேனை மொத்த வியாபாரியிடம் வாங்கிய 50 பிளெண்டர்களில் 6 பழுது. திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த பில்லில் விலையைக் குறைத்துப் போடுவதாகச் சொல்கிறார். அது போதாதா?

பதில்: நீங்கள் இருவரும் வற் வரிக்குப் பதிந்தவர்கள் என்றால் போதாது. ஒன்று 8,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். திரும்பிய ஆறின் விலை 48,000. அதற்குரிய 18 சதவீத வற் 8,640. முதல் இன்வொய்ஸைக் காட்டி 50 பிளெண்டர்களுக்கான வரியையும் நீங்கள் கழித்திருப்பீர்கள். அதில் 8,640 ரூபா இப்போது உங்களுக்கு உரியதல்ல. அடுத்த பில்லில் விலையை மட்டும் குறைத்தால், திரும்பிய சரக்குக்கும் அந்தக் குறைப்புக்கும் உள்ள தொடர்பு இரு தரப்புக் கணக்கிலும் தெரியாது. ஆகவே முதல் இன்வொய்ஸின் இலக்கம், திகதி, எண்ணிக்கை, பழுது, வரி ஆகியவற்றைக் குறித்த வற் கிறெடிட் நோட் ஒன்றைக் கேளுங்கள். அடுத்த இன்வொய்ஸ் வரியோடு 354,000 என்றால், அதை முழுத் தொகைக்கே போடச் சொல்லி, கிறெடிட் நோட்டின் 56,640 ரூபாவைக் கழித்து 297,360 செலுத்துங்கள்.

"பழகிய வியாபாரி, பழுதை அறிவிக்கக் கடிதம் எதற்கு?" எனலாம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைச் சட்டம், உத்தரவாதம் மீறப்பட்டால் விலையில் குறைப்புக் கோர இடம் தருகிறது. ஆனால் நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் சரக்கை வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பழுதை எப்போது அறிவித்தீர்கள் என்பதற்குக் கடிதமும், சரக்கு திரும்பியதற்கு அவர் கையொப்பமிட்ட சீட்டுமே சாட்சி. கிறெடிட் நோட் வராமல் நீங்களாகவே கழித்தால், அவருடைய பேரேட்டில் அது உங்கள் நிலுவையாகவே நிற்கும்.