மழை தொட்டதும் உள்ளே வரும் கொடி

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர்)

மதுரைப் பகுதியில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. சித்திரை, வைகாசியில் நண்பகல் வரை வெயில் கொளுத்தும். பிற்பகலில் மேற்கே கருக்கல் கட்டும்; புழுதிக் காற்று வீசும்; கால் மணி நேரத்தில் மழை கொட்டி ஓய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையிலோ ஒரே நாளில் மூன்று முறை வெயிலும் மழையும் மாறி மாறி வரும். பரவையில் எங்கள் தெருவில் பல வீடுகளில் பெரியவர்கள் சந்தைக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போய்விடுவர். பிள்ளைகள் பள்ளியில் இருப்பர். மாடிக் கொடியில் கிடக்கும் பள்ளிச் சீருடையை எடுக்க ஆள் இராது. இரண்டே சோடிச் சீருடை உள்ள பிள்ளைக்கு அது நனைந்தால் மறுநாள் காலை தொல்லைதான். இந்தச் சிறு தேவைக்காக எங்கள் மாடியில் நான் அமைத்த தானியங்கிக் கொடியின் இயற்பியலை இங்கே விளக்க முற்படுகிறேன்.

மழையைக் கண்டு தானே மூடிக்கொள்ளும் அமைப்பு புதிதன்று. 1951-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் காட்சிக்கு வைத்த பியூக் லெ சாபர் என்ற காரில், இருக்கைகளுக்கு நடுவே ஒரு மழை உணர்வான் இருந்தது. அதன் மேல் மழைத்துளி விழுந்தால் காரின் மேற்கூரை தானே மூடிக்கொள்ளும். நம் கொடிக்கும் அதே தத்துவமே. ஆனால் எந்த உணர்வானைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

உணர்வானின் தேர்வு

தோட்டங்களுக்குத் தானே நீர் பாய்ச்சும் அமைப்புகளில் ஒரு வகை மழை உணர்வான் உண்டு. நீரை உறிஞ்சிப் பருக்கும் வில்லைகள் அதில் அடுக்கப்பட்டிருக்கும். அவை பருத்து ஒரு சுவிட்சை அழுத்தும். ஆனால் பொதுவாக 3 மி.மீ. அளவாவது மழை பெய்த பிறகே அது வேலை செய்யும். செடிக்கு அது போதும், துணிக்குப் போதாது. 3 மி.மீ. மழைக்குள் சேலை தொப்பலாக நனைந்துவிடும். இக்காலக் கார்களின் முன்கண்ணாடியில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் அளவைக்கொண்டு துளிகளை அறிகிறார்கள். அது சிறந்தது, ஆனால் நாம் செய்துகொள்ள எளிதன்று.

மின்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைப்பது மின்தடைத் தட்டு. சீப்பின் பற்களைப் போன்ற இரண்டு செம்புக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், ஒன்றின் பற்களுக்கிடையே மற்றதன் பற்கள் புகுந்து நிற்கும். உலர்ந்திருக்கும்போது இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. ஒரு துளி விழுந்து பற்களை இணைத்தால் மின்தடை குறையும். அந்தக் குறைவை ஓர் ஒப்பீட்டுச் சுற்று கண்டு சொல்லும். நான் எடுத்துக்கொண்டது இத்தட்டையே.

கிணற்று நீரும் மழை நீரும்

இத்தட்டை வாங்கியவர்கள் பலர் குழாய் நீரை விரலால் தெளித்துப் பார்ப்பர். விளக்கு எரியும். மாடியில் பொருத்துவர். மழை வரும், கொடி அசையாது. காரணம் நீரின் கடத்துதிறன். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புகள் மிகுதி. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மழை நீரோ ஏறத்தாழ வாலையில் வடித்த நீரைப் போன்றது. மிகக் குறைவாகவே கடத்தும்.

இரண்டையும் ஒரே தட்டில் ஒப்பிட்டுப் பார்த்தேன். கிணற்று நீரின் ஒரு துளி விழுந்தபோது மின்தடை சுமார் 2 கிலோ ஓம். பாத்திரத்தில் பிடித்த மழை நீரின் ஒரு துளிக்குச் சுமார் 100 கிலோ ஓம். ஐம்பது மடங்கு வேறுபாடு! உலர்ந்த தட்டிலோ 5 மெகா ஓமுக்கு மேல்.

தட்டுடன் வரும் சிறு சுற்றில் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று தட்டுடன் தொடராக இணைக்கப்பட்டிருந்தது. 5 வோல்ட் கொடுத்தால் தட்டின் குறுக்கே வரும் மின்னழுத்தம்:

கிணற்று நீர்: 5 × 2 / 12 = 0.83 வோல்ட்
மழை நீர்: 5 × 100 / 110 = 4.5 வோல்ட்

ஒப்பீட்டுச் சுற்றின் எல்லையைப் பாதியில், அதாவது 2.5 வோல்ட்டில் வைத்தால், கிணற்று நீர் தெரியும்; மழைத்துளி தெரியாது. ஆகவே 10 கிலோ ஓமை எடுத்துவிட்டு 220 கிலோ ஓம் வைத்தேன். இப்போது மழைத்துளிக்கு 5 × 100 / 320 = 1.56 வோல்ட், உலர்ந்த தட்டுக்கு 4.8 வோல்ட். எல்லையை 3 வோல்ட்டில் வைத்தால் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றன. 330 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால் மழை என்று இதற்குப் பொருள். சோதனைக்கு எப்போதும் முந்தைய மழையில் பிடித்து வைத்த நீரையே பயன்படுத்த வேண்டும்.

செம்பு அரிப்பும் பனியும்

ஈரத் தட்டில் நேர்மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் மின்பகுப்பு நிகழும். நேர்மின்வாயாக உள்ள செம்புக் கோடு கரைந்து, பச்சை படிந்து, சில மழைகளிலேயே அறுந்துபோகும். தட்டின் ஒரு பக்கக் கோடுகள் மட்டும் பச்சை பூத்திருந்தால் இதுவே காரணம் என்று அறியலாம். இதற்கு மருந்து எளிது. தட்டுக்கு எப்போதும் மின்சாரம் தராமல், 2 விநாடிக்கு ஒரு முறை 5 மில்லி விநாடி மட்டும் தந்து படித்துக்கொள்ள வேண்டும். 2000-ஐ 5-ஆல் வகுத்தால் 400; அரிப்பு நானூறில் ஒரு பங்காகக் குறையும். இந்த நேரக் கணக்கை ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை பார்த்துக்கொள்கிறது. அடுத்தடுத்து இரண்டு முறை ஈரம் தெரிந்தால்தான் மோட்டாருக்கு ஆணை செல்லும்.

மார்கழி விடியலில் தட்டின் மேல் பனி படியும். பனியும் நீர்தானே, கொடி உள்ளே ஓடிவிடும். வானிலை நிலையங்களில் பயன்படும் மழை உணர்வான்களில் தட்டைச் சற்றுச் சூடாக வைக்கும் முறை உண்டு. தட்டு காற்றைவிடச் சில பாகை சூடாக இருந்தால் பனி படியாது. நான் தட்டின் அடியில் 47 ஓம் மின்தடை ஒன்றை ஒட்டி 12 வோல்ட்டில் இணைத்தேன். 12 × 12 / 47, அதாவது ஏறத்தாழ 3 வாட் வெப்பம் கிடைக்கிறது. தட்டை 30 பாகை சாய்த்து வைத்ததால் மழை நின்றதும் நீர் வழிந்து விரைவில் உலர்கிறது, புழுதியும் கழுவப்படுகிறது.

இழுக்கும் விசை

மாடிப்படி அறையின் கூரைக்கு அடியிலிருந்து வெளியே இரண்டு இரும்புக் குழாய்கள் தண்டவாளம் போல் நீள்கின்றன. அவற்றின் மேல் சக்கரமுள்ள சட்டம். சட்டத்தில் நான்கு கொடிகள். சட்டம் 3 மீட்டர் நகர்ந்தால் துணி முழுவதும் கூரைக்கு அடியில் வந்துவிடும்.

ஈரத் துணி 12 கி.கி., சட்டம் 3 கி.கி.; மொத்தம் 15 கி.கி. வில் தராசால் இழுத்துப் பார்த்தபோது, காற்றில்லாத வேளையில் சுமார் 8 நியூட்டன் போதுமானதாக இருந்தது. ஆனால் மழைக்கு முன் காற்று வீசும். சேலை பாய்மரம் போல் விரியும். எனவே 30 நியூட்டன் என்று கணக்கிட்டேன். கயிறு சுற்றும் உருளையின் ஆரம் 2.5 செ.மீ. தேவையான முறுக்குவிசை 30 × 0.025 = 0.75 நியூட்டன் மீட்டர். இரு மடங்கு இருப்பாக 1.5 நியூட்டன் மீட்டர் தரும், நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றும் 12 வோல்ட் பல்சக்கர மோட்டாரைப் பொருத்தினேன். ஒரு சுற்றுக்கு 15.7 செ.மீ. கயிறு ஏறும், 3 மீட்டருக்கு 19 விநாடி.

இது போதுமான வேகமா? உணர 4 விநாடி, நகர 19 விநாடி. மொத்தம் 23 விநாடி. மணிக்கு 30 மி.மீ. வீதம் பெய்யும் கனமழையில்கூட அந்நேரத்தில் விழுவது 30 × 23 / 3600, அதாவது 0.19 மி.மீ. ஒரு சதுர மீட்டர் தரைக்குக் கால் லிட்டரும் இல்லை. செங்குத்தாகத் தொங்கும் துணி அதிலும் குறைவாகவே வாங்கும். ஆகவே இன்னும் வேகமான மோட்டார் தேவையில்லை.

மின்வெட்டும் நிறுத்தமும்

மழை வரும்போது பலமுறை மின்சாரம் போய்விடும். கொடி வேலை செய்ய வேண்டிய நேரமும் அதுவே. எனவே மோட்டாரும் கட்டுப்பாட்டுச் சுற்றும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் இயங்குகின்றன. மின்சாரம் உள்ளபோது அது ஏற்றம் பெறும். ஒரு முறை இழுக்கச் செலவாவது மிகச் சிறிது. சுற்று விழித்திருக்க 40 மில்லி ஆம்பியர் ஆகிறது. மின்கலத்தில் பாதியைச் செலவிட்டாலே மூன்று நாள் தாங்கும். ஆனால் தட்டைச் சூடாக்கும் மின்தடை மட்டும் கால் ஆம்பியர் இழுக்கும். அதை மின்கலத்தில் சேர்த்தால் ஒரே இரவில் பாதி மின்கலம் தீர்ந்துவிடும். ஆதலால் அதைத் தனியாக வீட்டு மின்சாரத்தில் இணைத்தேன்.

பாதையின் இரு முனைகளிலும் எல்லை சுவிட்சுகள் உள்ளன. சட்டம் தொட்டதும் மோட்டாரின் மின்னோட்டம் அறும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறுக்கே ஒரு டையோடு உண்டு. அதன் வழியே எதிர்த்திசை மின்னோட்டம் மட்டும் செல்லும். அதனால் முனையில் நின்ற சட்டம் மறுபக்கம் திரும்ப முடிகிறது. துணியின் ஓரம் சக்கரத்தில் சிக்கினால் சட்டம் முனையை எட்டாது. மோட்டார் வீணே உறுமிச் சூடாகும். அதைத் தடுக்க, 30 விநாடிக்கு மேல் மோட்டார் ஓடாதபடி ஆர்டுயினோவில் எழுதியிருக்கிறேன். வழக்கமாக 19 விநாடியில் வருவது 25 ஆனால், சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று பொருள்.

மழை நின்ற பின்

துணியைத் தானே வெளியே அனுப்பும் ஏற்பாட்டை நான் செய்யவில்லை. தட்டு உலர்ந்ததை வைத்து மழை ஓய்ந்தது என்று சொல்லலாமே தவிர, அடுத்த தூறல் வராது என்று சொல்ல இயலாது. மாலை ஐந்து மணிக்கு வெளியே சென்ற துணி இரவெல்லாம் அங்கேயே கிடக்கும். ஆகவே வெளியே அனுப்ப ஒரு பொத்தான். அதை மனிதர்தாம் அழுத்த வேண்டும்.

ஒரு குறை எஞ்சியிருக்கிறது. காக்கை எச்சம் தட்டில் விழுந்தாலும் கொடி உள்ளே வந்துவிடும். துணி நனைவதைவிட அது சிறு தவறே. ஆனால் அத்தகைய பொய் அழைப்புகள் வாரத்துக்கு நான்கைந்து ஆனால், வீட்டார் சலித்துப்போய்ச் சுவிட்சையே அணைத்துவிடுவர். பிறகு உண்மையான மழைக்கும் கொடி அசையாது. அதனால் தட்டைக் காக்கை அமரும் கைப்பிடிச் சுவரிலிருந்து விலக்கி, ஒல்லியான கம்பியின் நுனியில் வைத்துள்ளேன். இதைச் செய்ய விரும்பும் நண்பர்கள் வாரம் ஒரு முறை தட்டை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பின் ஒரு துளி மழை நீர் விட்டுப் பார்த்தால் போதும். ஆறு விநாடிக்குள் சட்டம் நகரத் தொடங்கினால் உணர்வான் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.