ஆய்வு விண்ணப்பத்தின் முதற்பத்தி

நமது அன்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பத்தோடு ஓர் அறிமுக உரையும் கேட்கப்படுகிறது. அந்த உரையின் முதற்பத்தியில்தான் "இதுவரை என்ன படித்தேன், இனி எதை ஆராயப் போகிறேன்" என்பதை ஐந்தாறு வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். கட்டுக்கட்டாக விண்ணப்பங்களைப் படிக்கும் பேராசிரியர், மேலே படிப்பதா வேண்டாமா என்பதை அநேகமாக அந்தப் பத்தியிலேயே தீர்மானித்துவிடுவார். இது எப்படி எழுதப்படுகிறது என்பதை, எங்கள் வலியசாலைத் தெருவில் நடந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன்.

அடுத்த வீட்டுப் பெண் ஒருநாள் மாலை கையில் ஒரு தாளோடு வந்தாள். தமிழில் முதுகலை முடித்து, கல்வெட்டியலில் பட்டயமும் பெற்றவள். முந்தின வருஷம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. "மாமா, இதுல என்ன தப்புன்னு பார்த்துச் சொல்லுங்கோ. இந்த வருஷமும் கிடைக்கலைன்னா அப்பா வேலைக்குப் போன்னுடுவார்" என்றாள். அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இது:

"நான் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இருந்த வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள். நாளந்தாவுக்கு நிகரான இப்பல்கலைக்கழகத்தின் பெருமை உலகுக்குத் தெரியவில்லை. சிறுவயது முதலே எனக்கு வரலாற்றில் தீராத ஆர்வம். தென்னகக் கல்வி வரலாற்றில் ஆழ்ந்த ஆராய்ச்சி செய்து தமிழுக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன்."

படித்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நம் தெருவின் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறதே! ஆனால் இரண்டாம் முறை படித்தபோதுதான், அவள் கற்ற ஒரு விஷயமும் அதில் இல்லை என்று கண்டேன். பெயரை மறைத்துவிட்டு எங்கள் தெருவின் வேறு எந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் ஒட்டினாலும் அந்தப் பத்தி பொருந்தும். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவள் என்பதையே அவள் எழுதவில்லை. கேட்டதற்கு, "அது பட்டயச் சான்றிதழ்ல இருக்கே மாமா" என்றாள்.

இனி நாளந்தா. "இதற்கு ஆதாரம் எது?" என்று கேட்டேன். அவள் நேர்மையான பெண்; கொஞ்சம் யோசித்துவிட்டு, காந்தளூரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் பிறர் சொன்னவைதான் என்றாள். அது உண்மை. ஆய் அரசன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கோயிலும் சாலையும் ஏற்படுத்திச் செப்பேடு வழங்கினான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகில் உள்ள பார்த்திவபுரம் அது. அங்கே 95 சட்டர்களுக்கு, அதாவது மாணாக்கருக்கு, இடம் வைத்தான். காந்தளூர் முறைமையைப் பின்பற்றியே அதை அமைத்தான். சேர்க்கப்படுவோர் என்ன கற்றிருக்க வேண்டும், தம்முள் சண்டையிட்டால் என்ன தண்டம் என்பதெல்லாம் அந்த ஏட்டில் உண்டு. அதைக் கோபிநாதராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

மற்றொரு செய்தி, முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தியில் வரும் 'கலமறுத்தல்'. கலம் என்றால் கப்பல் என்று கொண்டவர்கள், அவன் சேரர் கடற்படையை அழித்தான் என்றார்கள். உண்கலம் என்று கொண்டவர்கள், சாலையில் நடந்த உணவளிப்பை அவன் ஒழுங்கு செய்தான் என்றார்கள். சாலை என்பது என்ன என்று தெளிந்தால் அல்லவா இந்த வழக்குத் தீரும்?

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் தன் முதுகலை ஆய்வேட்டைப் பற்றிச் சொன்னாள். நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகள் சிலவற்றில் உணவுக்கு நெல் அளந்த செய்திகளைத் தொகுத்திருக்கிறாள். எவ்வளவு நெல், எந்த நிலத்திலிருந்து என்பது எழுதியிருக்கும். உண்பவர் மாணாக்கரா, வழிப்போக்கரா என்று பல இடங்களில் இராது. "அப்போ அது சோறு போடற இடமா, பாடம் சொல்ற இடமான்னு எனக்குத் தெரியவே இல்லை மாமா. அதை விட்டுட்டேன்" என்றாள்.

விட்டுவிட்டாளாம்! நான்கு வருஷத்துக்கான ஆய்வே அதில்தான் இருந்தது. ஒரு துறையின் பெயரைச் சொல்வது வேறு, கேள்வியைச் சொல்வது வேறு. 'தென்னகக் கல்வி வரலாறு' என்பது துறை. கேள்வியாக இருந்தால் இரண்டு விஷயம் உடனே சொல்ல முடிய வேண்டும்: எந்த ஆதாரத்தில் விடை தேடுவது, எந்த விடை வந்தால் நம் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வது. உண்டிச் சாலையையும் கல்விச் சாலையையும் கல்வெட்டுச் சொற்களைக் கொண்டு பிரித்தறிய முடியுமா என்று கேட்டால் இரண்டுக்கும் வழி இருக்கிறது. விதிகள் தெளிவாகத் தெரிந்த பார்த்திவபுரம் ஏட்டை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். பிரிக்க முடியாது என்று முடிவு வந்தாலும் அதுவும் ஒரு முடிவே.

மூன்று மாலைகள் உட்கார்ந்து அவளே திருத்தினாள். கடைசியில் நின்ற பத்தியைத் தமிழில் தருகிறேன்:

"தமிழில் முதுகலையும் கல்வெட்டியலில் பட்டயமும் பெற்றுள்ளேன், வட்டெழுத்து, கிரந்த எழுத்துகளை மூலத்திலிருந்து படிக்க இயலும். என் முதுகலை ஆய்வேட்டில் நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் உணவு நிவந்தங்களைத் தொகுத்தபோது, உண்போர் மாணாக்கரா அல்லரா என்பதைப் பல கல்வெட்டுகள் நேரே கூறாமையைக் கண்டேன். காந்தளூர்ச் சாலையின் இயல்பு பற்றிய கருத்து வேற்றுமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகிறேன். 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையிலான, பதிப்பிக்கப்பட்ட ஆய், வேணாட்டுச் சாசனங்களில் கல்விச் சாலையைப் பிற அறச்சாலைகளிலிருந்து பிரித்துக்காட்டும் சொற்கள் உண்டா என ஆராய விரும்புகிறேன். பார்த்திவபுரம் செப்பேட்டின் விதிகளை ஒப்பீட்டு அளவையாகக் கொள்வேன். இத்துறையில் கோயில் நிவந்தங்களை ஆராயும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் இதைச் செய்ய விண்ணப்பிக்கிறேன்."

பெரும்பகுதி படிப்பிலும் கண்டதிலும் கேள்வியிலும் செலவாகியிருப்பதைப் பாருங்கள். இரண்டாம் வாக்கியத்தில் அவள் தன் கையால் செய்த வேலை நிற்கிறது. மூன்றாவது, அந்தச் சிறு வேலையைப் பெரிய வழக்கோடு இணைக்கிறது. 'கருதுகிறேன்' என்ற சொல்லில் எங்களுக்குள் ஒரு சின்னத் தகராறு. 'இதுவே காரணம்' என்று போட்டிருந்தாள். 'இதுவும் ஒரு காரணம்' என்று தணிக்கச் சொன்னேன். ஆராயும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டால் பிறகு ஆராய என்ன இருக்கிறது? 'பதிப்பிக்கப்பட்ட' என்ற சொல்லை அவளாகவே சேர்த்தாள். புதிய கல்வெட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தால் உரிய காலத்தில் முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசி வாக்கியத்தை மட்டும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாற்றி எழுத வேண்டும். அந்தத் துறையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொண்டு.

அவள் அப்பா தாளை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, நம்ம வலியசாலை எங்கே போச்சு?" என்று என்னைப் பார்த்தார். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டாம் பக்கத்தில், காந்தளூர் இருந்த இடம் பற்றிய கருத்துகளைச் சொல்லும் பத்தியில், தெருவின் பெயரை அவள் ஆதாரத்தோடு எழுதியிருப்பதைக் காட்டினேன். அவர் அந்த வரியைத் தேடி இரண்டு முறை படித்தார்.

அந்த வருஷம் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே கேட்ட முதல் கேள்வி, "காந்தளூரின் சொந்தச் செப்பேடு கிடைக்காதபோது எப்படி ஆராய்வீர்கள்?" என்பதாம். "பார்த்திவபுரம் வழியாகத்தான், எங்கே அது போதாதோ, போதாது என்று எழுதுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் என் வீட்டுத் திண்ணை முழுக்க மைப்படிகள்தான்.